சராசரி 10% ரிட்டர்ன் வந்தும் 80 வயசுல பணம் தீர்ந்துடுமா? எக்செல்ல ஆயிரம் தடவை ஓட்டிப் பார்க்கலாம்

ரிட்டயர்மென்ட்டுக்கு எவ்வளவு வேணும்னு நீங்க எனக்கு அனுப்புற எக்செல் ஷீட் எல்லாத்துலயும் ஒரு விஷயம் பொதுவா இருக்கு. ரிட்டர்ன் போடற இடத்துல ஒரே ஒரு எண். முதல் வருஷமும் 10%, முப்பதாவது வருஷமும் 10%. மார்க்கெட் அப்படி நேர்கோட்டுல போகாதுன்னு நமக்கே தெரியும். 2008-ல் நிஃப்டி 50 பாதிக்கு மேல விழுந்துச்சு, 2009-ல் 75 சதவீதத்துக்கு மேல ஏறுச்சு. "ஏத்த இறக்கம் இருந்தா என்ன, சராசரி 10% வந்தா போதாதா?"ன்னு கேட்பீங்க. ரிட்டயர் ஆனவருக்குப் போதாது. ஏன்னு ஒரு கணக்கு போட்டே பார்ப்போம்.

உங்க அப்பா 60 வயசுல ரிட்டயர் ஆகிறார்னு வெச்சுக்கங்க. கையில 2 கோடி. பாதி ஈக்விட்டி ஃபண்ட், மீதி டெப்ட் மாதிரி ஒரு கலவை. ஒவ்வொரு வருஷ ஆரம்பத்துலயும் அந்த வருஷச் செலவை எடுத்துடறார். முதல் வருஷம் வரி உட்பட 10 லட்சம், அப்புறம் வருஷா வருஷம் 6% விலைவாசி சேர்த்து. ரிட்டர்ன் எல்லா வருஷமும் சரியா 10% வந்தா, 90 வயசுல அவர்கிட்ட இன்னும் 2.7 கோடி இருக்கும். ஷீட் பச்சை கலர்ல சிரிக்கும்.

இப்ப ரெண்டே ரெண்டு வருஷத்தை மட்டும் மாத்துவோம். முதல் வருஷம் மைனஸ் 20%, கடைசி வருஷம் பிளஸ் 40%, நடுவுல 28 வருஷமும் அதே 10%. சராசரி இப்பவும் 10% தான். ஆனா 1.9 கோடி முதல் வருஷ முடிவுல 1.52 கோடி ஆயிடுது. அடுத்த நாளே அதுலேருந்து 10.6 லட்சம் எடுக்கணும். விழுந்த விலையிலேயே யூனிட்டை வித்துச் சாப்பிடறோம், அந்த யூனிட் திரும்ப ஏறும்போது நம்மகிட்ட இல்ல. பணம் 21-வது வருஷம், 80 வயசுல தீர்ந்துடுது. கடைசி வருஷம் வர வேண்டிய அந்த 40%-ஐ வாங்கறதுக்கு அக்கவுண்ட்ல பைசாவே கிடையாது.

அதே ரெண்டு எண்ணை இடம் மாத்திப் போடுங்க. முதல்ல பிளஸ் 40, கடைசியில மைனஸ் 20. 90 வயசுல சுமார் 8.5 கோடி மிஞ்சும்! ஒரே சராசரி, ஒரே செலவு; வரிசை மட்டும்தான் வேற. எந்த வரிசை வரும்னு யாராலும் சொல்ல முடியாது. அதனால "எவ்வளவு மிஞ்சும்?"னு கேட்கிறதை விட்டுட்டு, "நூறு விதமா மார்க்கெட் போனா, அதுல எத்தனையில பணம் தாக்குப் பிடிக்கும்?"னு கேட்கணும்.

இதுக்குப் பேர்தான் மான்டே கார்லோ சிமுலேஷன். 1946-ல் ஸ்டானிஸ்லாவ் உலாம்ங்கற கணித மேதை, சாலிடேர் சீட்டாட்டத்துல ஜெயிக்கிற வாய்ப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்து முடியாம, பேசாம நிறைய தடவை ஆடி எண்ணிப் பார்த்துட்டா என்னன்னு யோசிச்சார். பேரு மொனாக்கோவுல இருக்கிற சூதாட்ட விடுதியிலேருந்து வந்தது. நாமளும் அதையே செய்யப் போறோம். எக்செல் போதும்.

```
B2: 20000000
C2: 1000000
D2: =NORM.INV(RAND(),10%,12%)
E2: =MAX(0,(B2-C2)*(1+D2))
B3: =E2
C3: =C2*1.06
```

B ஆரம்ப இருப்பு, C செலவு, D அந்த வருஷ ரிட்டர்ன், E முடிவு இருப்பு. எல்லாத்தையும் 31-வது வரிசை வரைக்கும் இழுத்து விடுங்க, 30 வருஷம் ஆச்சு. D2-ல இருக்கிற ஃபார்முலா ஒவ்வொரு வருஷமும் ஒரு சீட்டு எடுக்குது. சராசரி 10%, ஏத்த இறக்கம் 12%. அதாவது சுமாரா மூணுல ரெண்டு வருஷம் மைனஸ் 2-லேருந்து பிளஸ் 22-க்குள்ள விழும், மீதி வருஷம் அதுக்கு வெளியே. F9 தட்டினா முப்பது சீட்டும் புதுசா மாறும்.

இதை ஆயிரம் தடவை கையால தட்ட வேண்டாம். G2-ல `=E31` போடுங்க. F3-லேருந்து F1002 வரைக்கும் 1, 2, 3னு 1000 வரை எண் போடுங்க. F2:G1002 செலக்ட் பண்ணி `Data > What-If Analysis > Data Table` போய், `Column input cell`-ல எங்கயாவது ஒரு காலி செல்லைக் காட்டுங்க. காலி செல்லான்னு குழம்பாதீங்க. ஒவ்வொரு வரிசைக்கும் ஷீட்டை ஒரு தடவை புதுசா ஓட வைக்கிற தந்திரம்தான் அது. (கூகுள் ஷீட்ஸ்ல இந்த வசதி இல்ல.) கடைசியா ஒரு செல்லுல:

```
=COUNTIF(G3:G1002,">0")/1000
```

அப்பாவோட பிளானுக்கு இது சுமார் 50% காட்டும். சாதா ஷீட் 2.7 கோடி மிச்சம்னு சொன்ன அதே பிளான், பூவா தலையா போடற மாதிரி. தலை விழலைன்னா, அந்தச் செலவு யார் சம்பளத்துலேருந்து வரும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. F9 தட்டத் தட்ட 48, 51, 49னு ஆடும். ஆயிரம் தடவைக்கு அந்த ஆட்டம் சகஜம். அதனால "73.4% சக்சஸ்"னு புள்ளி வெச்சு யாராவது ரிப்போர்ட் கொடுத்தா, புள்ளிக்கு அப்புறம் இருக்கிறதை மதிக்காதீங்க.

இப்ப C2-ல 8 லட்சம்னு மாத்துங்க. வாய்ப்பு 75%-ஐ ஒட்டி வரும். 7 லட்சம் போட்டா 85-ஐத் தாண்டும். 100% வரணும்னு துரத்த வேண்டாம். அதுக்காகச் செலவைக் குறைச்சுக்கிட்டே போனா, பெரும்பாலான பாதைகள்ல மனுஷன் வாழ்நாள் முழுக்கச் சிக்கனமா இருந்து கோடிகளை விட்டுட்டுப் போவார். அதோட, தோத்த பாதை எல்லாம் ஒண்ணு இல்ல. 88 வயசுல தீர்றதும் 74 வயசுல தீர்றதும் ஒரே தோல்வியாத்தான் எண்ணப்படுது. H2-ல `=COUNTIF(E2:E31,">0")` போட்டு, டேபிளை H வரைக்கும் சேர்த்து மறுபடி ஓட்டினா, ஒவ்வொரு பாதையிலும் எத்தனை வருஷம் வண்டி ஓடுச்சுன்னு தெரியும். நான் முதல்ல பார்க்கிறது இந்தக் காலத்தைத்தான்.

இந்தக் கருவிக்குப் பலவீனமும் இருக்கு. NORM.INV-க்கு 2008 மாதிரியான வருஷம் ரொம்ப அபூர்வம். நிஜத்துல அது அவ்வளவு அபூர்வம் இல்ல. விலைவாசியை நாமளே 6%-ல பூட்டி வெச்சிருக்கோம். சரி, பழைய நிஜ ரிட்டர்ன்களையே கலைச்சுப் போட்டு சீட்டு எடுக்கலாமேன்னா, நிஃப்டியோட அடிப்படைத் தேதியே 1995 நவம்பர். ஒண்ணு மேல ஒண்ணு விழாத 30 வருஷத் துண்டு நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.

எல்லாத்தையும் விட அதிகமா ஆட்டறது அந்த 10% தான். 8 லட்சம் செலவையே வெச்சுக்கிட்டு D காலத்துல 10%-ஐ 9% ஆக்குங்க. 75 இருந்தது 63-ஐ ஒட்டி இறங்கிடும். ரெகுலர் பிளான்ல இருக்கிற ஈக்விட்டி ஃபண்டுக்கும் அதே ஃபண்டோட டைரக்ட் பிளானுக்கும் செலவு வித்தியாசமே பல ஃபண்டுகள்ல அரை சதவீதத்துலேருந்து ஒரு சதவீதம் வரைக்கும் இருக்கு. அதனால உங்க ஃபண்டோட எக்ஸ்பென்ஸ் ரேஷியோவைப் பார்த்து, ஈக்விட்டி பங்குக்கு ஏத்த மாதிரி அதைக் கழிச்சுட்டு அந்தச் சராசரியைப் போடுங்க. அப்புறம் F9 தட்டுங்க.