‘டிக்’ எண்டு கேக்காட்டி அமத்தாதேங்கோ

இந்தக் கிழமை ஒலியில சொல்ல நேரம் போதாமல் விட்ட விசயம் இது.

பல்லரோவில இருக்கிற ஒரு தம்பி மடிக்கணினியோட வந்தான். “அண்ணா, ரூட்டருக்குப் பக்கத்தில இருந்தா நல்லா ஓடுது. அடுத்த அறைக்குப் போனா விட்டு விட்டுத்தான் பிடிக்குது.” அவன்ர வீடு பழைய கல்லுக் கட்டடம், சுவர் தடிப்பு. அதுதான் காரணம் எண்டு முதலில நானும் நினைச்சன். ஆனால் போன மாசம் அவனே வைஃபை கார்டை மாத்தியிருக்கிறான். உடனே யுஎஸ்பியில லினக்ஸைப் போட்டு, ரூட்டருக்குக் கிட்ட வச்சுப் பார்த்தன்.

```
iw dev wlp2s0 station dump
signal: -48 [-48, -79] dBm
```

அடைப்புக்குள்ள இருக்கிறது ரெண்டு ஆன்டெனாவுக்கும் தனித்தனி அளவு. நல்ல நிலையில ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவாய் நிக்கும். இங்க 31 டெசிபெல் வித்தியாசம். சுவர் எண்டால் ரெண்டையும்தான் குறைக்கும். ஒண்டு மட்டும் விழுந்தால் ப்ளக் கழண்டிருக்கு, இல்லாட்டி வயர் அறுந்திருக்கு.

திறந்து பார்த்தால் ஒரு ப்ளக் சரிஞ்சு மேலால கிடந்தது. எம்.2 கார்டில வாறது எம்எச்எஃப்4 எண்ட வகை. பழைய மினி பிசிஐ கார்டில இருந்த யு.எஃப்எல்லை விடச் சின்னது, ஒண்டுக்கு ஒண்டு பொருந்தாது. அதில வாற வயர் பெரும்பாலும் 0.81 மில்லிமீற்றர் தடிப்புத்தான்.

வயரில பிடிச்சு இழுக்கவே கூடாது. நான் ஒருக்கா இழுத்து, ப்ளக் கார்டிலயே நிக்க வயர் மட்டும் கையோட வந்தது. அதை ஒட்ட ஏலாது. ஆன்டெனா திரையின்ர மூடிக்குள்ள இருக்கு, வயர் கீல் வழியாப் போகுது. முழுசாய்ப் பிரிச்சுத்தான் மாத்தவேணும்.

முதலில பற்றரி இணைப்பைக் கழட்டுங்கோ. எந்த வயர் எதில எண்டு படம் எடுங்கோ. பிறகு ப்ளக்கின்ர உலோக விளிம்புக்குக் கீழ பிளாஸ்டிக் நெம்பியை விட்டு, நேர மேல தூக்குங்கோ. கார்டில இருக்கிற அடிப்பாகத்தைக் கிண்டினால் அது பலகையோட பிடுங்குப்படும். ரெண்டு ப்ளக்கும் கழண்ட பிறகுதான் திருகாணி. இல்லாட்டிக் கார்டு துள்ளி எழும்பி வயரை இழுக்கும்.

பூட்டேக்க எதிர்மாறு. கார்டைத் திருகிப் போட்டு, ப்ளக்கை மேல வச்சு, நடுவுக்கு வந்திட்டுதோ எண்டு விரலால மெதுவா அசைச்சுப் பாருங்கோ. பிறகு நேர கீழ அமத்த ‘டிக்’ எண்டு விழும். விழாட்டி பலத்தைக் கூட்டாதேங்கோ. தூக்கித் திரும்ப வையுங்கோ. சரிஞ்சபடி அமத்தினால் வெளி வளையம் விரிஞ்சு, பிறகு பிடிக்காது. சும்மா கழட்டிக் கழட்டிப் பூட்டவும் வேண்டாம். யு.எஃப்எல்லுக்கே 30 தரம்தான் கணக்கு.

தம்பியின்ர ப்ளக்குக்குச் சேதமில்லை. பூட்டின பிறகு வந்தது:

```
signal: -46 [-48, -50] dBm
```

அந்தத் தடிச்ச சுவர் இப்பவும் அங்கதான் நிக்குது. தம்பி அடுத்த அறையில இருந்து விளையாடுறான்.