இரவில் வாட்டும் அரிப்பு: சொறிச் சிரங்குக்கு வீட்டார் அனைவரும் ஒன்றாகச் சிகிச்சை பெறுதல்

பகலில் ஓரளவு அடங்கியிருந்து, படுக்கையில் உடல் சூடேறியதும் தாங்க முடியாதவாறு எழும் அரிப்பு. விரல் இடுக்குகளிலும் மணிக்கட்டின் உட்புறத்திலும் மெல்லிய கோடுகள். வீட்டில் வேறொருவரும் சொறியத் தொடங்கியிருத்தல். இம்மூன்றும் சேர்ந்து காணப்பட்டால் அது ‘ஸ்கேபீஸ்’ எனப்படும் சொறிச் சிரங்காக இருக்கக்கூடும். இந்நோய்க்கு நல்ல மருந்து உண்டு. எனினும் பல வீடுகளில் இது மீண்டும் மீண்டும் வருகிறது. அதற்குப் பெரும்பாலும் காரணம், அரிப்பு உள்ளவர் மட்டும் மருந்து பூசிக்கொள்வதும், அரிப்பு இல்லாதவர்கள் பூசாமல் விடுவதுமே ஆகும்.

தோலுக்குள் நடப்பது என்ன?

இந்நோயை உண்டாக்குவது கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒரு சிற்றுண்ணி. அதன் நீளம் ஒரு மில்லிமீற்றரில் பாதிகூட இல்லை. பெண் உண்ணி தோலின் மேற்படையைக் குடைந்து உள்ளே சென்று, நாளொன்றுக்கு இரண்டு அல்லது மூன்று முட்டைகளை இட்டவாறு மெதுவாக முன்னேறுகிறது. அது சென்ற பாதையே நாம் காணும் கோடு. சில மில்லிமீற்றர் நீளத்தில், சற்றே வளைந்து, தோலின் நிறத்திலோ சாம்பல் நிறத்திலோ காணப்படும். நமது நிறமுள்ள தோலில் சிவப்புத் தடிப்பு தெளிவாகத் தெரியாமல் போகலாம். எனவே நிறத்தைத் தேடுவதைவிட, விரல் இடுக்குகளை நல்ல வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதும், சிறு மேடுகளைத் தடவி அறிவதும் பயன்தரும். அக்குள், தொப்புளைச் சுற்றிய பகுதி, இடுப்பு, மார்புக் காம்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களிலும் பருக்கள் தோன்றலாம். குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை ஆகியவற்றிலும் வரும்.

சாதாரண நோயாளி ஒருவரின் உடலில் பத்துப் பதினைந்து உண்ணிகளே இருக்கும். உடல் முழுவதும் அரிப்பது உண்ணிகள் எங்கும் ஊர்வதனால் அன்று. உண்ணியையும் அதன் முட்டை, கழிவு ஆகியவற்றையும் உடல் ஏற்க மறுப்பதனாலேயே. முதன்முறையாக நோய் தொற்றியவருக்கு இந்த ஒவ்வாமை உருவாக மூன்று முதல் ஆறு வாரங்கள் ஆகும். அவ்வளவு காலமும் அவருக்கு அரிப்பு இராது. ஆனால் அவரிடமிருந்து நோய் பிறருக்குத் தொற்றும்.

‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று கூறுபவரையும் சிகிச்சையில் சேர்க்க வேண்டியது இதனாலேயே. கணவர் மட்டும் மருந்து பூசிக் குணமடைந்து, அரிப்புத் தொடங்காத மனைவியுடன் ஒரே படுக்கையில் உறங்கினால், உண்ணி அவரிடம் திரும்பி வரும். இரண்டாம் முறை தொற்றும்போது ஒவ்வாமை ஏற்கெனவே உருவாகியிருப்பதால், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் அரிப்புத் தொடங்கிவிடும். அப்போது ‘மருந்து வேலை செய்யவில்லை’ என்று எண்ணத் தோன்றும். மருந்து வேலை செய்தது. வீட்டில் எஞ்சியிருந்த உண்ணியே மீண்டும் வந்தது.

எவ்வாறு பரவுகிறது?

நீண்ட நேரத் தோல் தொடுகையாலேயே இது பெரும்பாலும் பரவுகிறது. கைகுலுக்குவது போன்ற கணநேரத் தொடுகை பொதுவாகப் போதாது. ஒரே படுக்கையில் உறங்குதல், குழந்தையை மடியில் வைத்திருத்தல், முதியவரைக் குளிப்பாட்டுதல், உடலுறவு ஆகியவை வழிவகுக்கும். இது அசுத்தத்தினால் வரும் நோய் அன்று. நாள்தோறும் குளிப்பவருக்கும் வரும். எத்தனை முறை குளித்தாலும் போகாது. நாய், பூனை ஆகியவற்றுக்குச் சிகிச்சை தேவையில்லை.

ஒரு குடும்பத்தின் உதாரணம்

பாட்டி (72 வயது), தந்தை, தாய், 16 வயது மகன், 18 மாதக் குழந்தை ஆகியோர் ஒரு வீட்டில் வாழ்கிறார்கள் எனக் கொள்வோம். மேல்மாடி அறையொன்றில் வாடகைக்கு ஒருவர் இருக்கிறார். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குச் சின்னம்மா வந்து போகிறார். அரிப்பு இருப்பது தந்தைக்கும் மகனுக்கும் மட்டுமே. இவர்களில் எத்தனை பேர் மருந்து பூச வேண்டும்? ஏழு பேரும். அறையில் குடியிருப்பவர் வீட்டாரில் ஒருவராகவே கணக்கிடப்படுவார். நாள்தோறும் குழந்தையைத் தூக்கும் சின்னம்மா நெருங்கிய தொடர்புடையவர். சின்னம்மாவின் வீட்டில் எவருக்கும் அரிப்பு இல்லையெனில், அவ்வீட்டார் பூச வேண்டியதில்லை.

திங்கள் முதல் வெள்ளி வரை. முதலில் அருகிலுள்ள மருந்தகத்துக்குச் சென்று மருந்தாளரிடம் கைகளைக் காட்டலாம். வழக்கமாகப் பரிந்துரைக்கப்படுவது 5 வீதப் பேர்மெத்ரின் கிறீம். பேன் ஒழிப்பதற்கான 1 வீத மருந்து இதற்குப் பயன்படாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் 70 வயதைக் கடந்த பாட்டிக்கும் ஜீபி வைத்தியரின் ஆலோசனை தேவை. ஆகவே அவர்களுக்கான சந்திப்பை முதல் நாளே கேட்க வேண்டும். கர்ப்பிணிகளும் தாய்ப்பால் ஊட்டுபவர்களும் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் ரியூப் ஒன்று தேவை. பெரிய உடல்வாகு உள்ளவருக்கு இரண்டு வரை ஆகலாம். இவ்வீட்டின் வளர்ந்தவர் அறுவருக்கும் இரண்டு தடவைகளுக்கு ஆகக் குறைந்தது 12 ரியூப்கள் வேண்டும். குழந்தைக்குரிய சிறிய அளவை வைத்தியர் குறிப்பிடுவார். இங்கிலாந்தில் 16 வயதுக்குட்பட்டவர்கள், முழுநேரம் கல்வி கற்கும் 16 முதல் 18 வயதினர், 60 வயதை எட்டியவர்கள் ஆகியோருக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் இல்லை. எனவே வாங்கும் முன்னர் ஜீபியிடம் கேட்பது செலவைக் குறைக்கும்.

எல்லோருக்கும் மருந்து கைக்கு வரும்வரை ஒருவர் மட்டும் பூசத் தொடங்கக் கூடாது. இடையில் பிறர் பூசிய மருந்து வீணாகிவிடும்.

சனிக்கிழமை இரவு. ஏழு பேரும் அன்றிரவே பூசிக்கொள்கிறார்கள். இரவு வேலைக்குச் செல்பவர் அதே 24 மணி நேரத்துக்குள், தாம் உறங்கும் வேளையில் பூசலாம். தோல் குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்க வேண்டும். சுடுநீரில் குளித்த உடனே பூசக் கூடாது. கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, அரிக்காத இடங்களையும் விடாமல் பூச வேண்டும். நகங்களை வெட்டி, நகத்தின் அடியிலும், விரல் இடுக்கு, தொப்புள், பிட்டப் பிளவு, பிறப்புறுப்பின் வெளிப்புறம் ஆகியவற்றிலும் தடவ வேண்டும். முதுகில் பூச ஒருவரது உதவி தேவைப்படும். குழந்தைக்கும் பாட்டிக்கும் முகம், காது, தலை ஆகியவற்றிலும் பூச வேண்டியிருக்கலாம்; கண்களையும் வாயையும் தவிர்த்து எவ்வாறு பூசுவது என்பதை வைத்தியரிடம் கேட்டறியுங்கள். குழந்தை விரல் சூப்பாதிருக்கக் கைகளுக்குக் காலுறை அணிவிக்கலாம்.

கிறீம் 8 முதல் 12 மணி நேரம் தோலில் இருக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கைகளில் மீண்டும் பூச வேண்டும். பலரும் தவறவிடுவது இதனையே: கழிப்பறைக்குச் சென்று வந்தவர், பாத்திரம் கழுவியவர், குழந்தையின் நப்கினை மாற்றியவர் ஆகியோரின் விரல் இடுக்குகளில் மருந்து எஞ்சியிராது, உண்ணி அதிகம் வாழும் இடமும் அதுவே.

ஞாயிறு காலை. குளித்த பின், போர்வை, விரிப்பு, துவாய், அண்மையில் அணிந்த உடைகள் ஆகியவற்றை 60 பாகை செல்சியஸில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாத சேலை, மேலங்கி, பொம்மை போன்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் இட்டு, வாயை இறுகக் கட்டி, நான்கு நாட்கள் வைத்தால் போதும். மனித உடலைவிட்டு நீங்கிய உண்ணி சில நாட்களுக்குள் இறந்துவிடும். மெத்தையை எறிவதும், வீட்டுக்குப் பூச்சிமருந்து தெளிப்பதும் தேவையற்ற செலவு. பூசி 24 மணி நேரம் கழிந்ததும் பாடசாலைக்கும் வேலைக்கும் செல்லலாம். ஆகவே மகன் திங்கட்கிழமை வழமைபோல் பாடசாலைக்குப் போகலாம்.

அடுத்த சனிக்கிழமை. ஏழு பேரும் மீண்டும் அவ்வாறே பூச வேண்டும். முதல் தடவையில் தப்பிய முட்டைகள் மூன்று நான்கு நாட்களில் பொரிக்கும். அவ்வாறு வெளிவந்த குஞ்சுகள் வளர்ந்து முட்டையிடும் முன்னரே அவற்றை ஒழிப்பது இரண்டாம் தடவையின் நோக்கம். அரிப்புக் குறைந்துவிட்டது என்று இதனைக் கைவிடக் கூடாது.

அரிப்பு உடனே நிற்காது

உண்ணிகள் இறந்த பின்னரும் அவற்றின் எச்சம் தோலில் இருப்பதால், அரிப்பு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை நீடிக்கலாம். நாளுக்கு நாள் குறைந்து வருமாயின் கவலை வேண்டாம். இக்காலத்தில் கிறீமைத் திரும்பத் திரும்பப் பூசினால் தோல் எரிச்சலடைந்து, அதுவே புதிய அரிப்பை உண்டாக்கும். அரிப்பைத் தணிக்கும் மருந்து பற்றி மருந்தாளரிடம் கேளுங்கள். வேப்பிலையும் மஞ்சளும் தற்காலிக இதம் தரலாம். ஆனால் பேர்மெத்ரினுக்கு அவை மாற்றாகா. வீட்டில் எஞ்சிய ஸ்டீரொயிட் கிறீமைப் பூசுவதும் தவறு. அது தடிப்பை மறைத்து, நோய் மறைவாகப் பரவ இடமளிக்கும்.

எப்போது வைத்தியரை நாட வேண்டும்?

இரண்டாம் தடவைக்குப் பின் நான்கு வாரங்கள் ஆகியும் அரிப்புக் குறையாவிடின், அல்லது புதிய கோடுகள் தோன்றினால், ஜீபியிடம் செல்லுங்கள். வேறு மருந்தோ ஐவர்மெக்டின் மாத்திரையோ தேவையா என அவர் தீர்மானிப்பார். சொறிந்த இடத்தில் சீழ், பொன்னிறப் பொருக்கு, வீக்கம், காய்ச்சல் ஆகியவை காணப்பட்டால் தாமதிக்காமல் காட்டுங்கள். அது பாக்டீரியாத் தொற்று.

முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோரின் தோலில் தடித்த பொருக்குகள் படர்ந்தால், அரிப்புச் சிறிதளவே இருந்தாலும் அன்றே வைத்தியரிடம் கூற வேண்டும். அவ்வகைச் சிரங்கில் ஆயிரக்கணக்கான உண்ணிகள் இருக்கும். மிக எளிதில் பரவும்.

ஜீபி சந்திப்பைப் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமெனக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. மருத்துவ நிலையம் மூடியிருக்கும் வேளைகளில் 111 என்ற இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம். அறையில் குடியிருப்பவருக்கோ குழந்தையைப் பராமரிப்பவருக்கோ கூச்சத்தினால் சொல்லாமல் விடாதீர்கள். சனிக்கிழமைக்கு முன்னர் அவர்களுக்குத் தெரிந்தால்தான் அவர்களும் அதே இரவில் மருந்து பூச முடியும்.