பத்து விநாடிக்குள் முதல் வரிசை

மின்தடை ஏற்பட்டதும் மருத்துவமனையின் எல்லாச் சுமைகளையும் ஜெனரேட்டரில் ஒரே நேரத்தில் ஏற்றக் கூடாது. நேரடியாகத் தொடங்கும் மோட்டார் அந்தக் கணத்தில் வழக்கத்தைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பல மோட்டார்கள் சேர்ந்து தொடங்கினால் மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் சரிந்து, ஜெனரேட்டரே நின்றுவிடலாம்.

அதனால் சுமைகள் முன்னுரிமைப்படி பிரிக்கப்படுகின்றன. அமெரிக்க விதிகளின்படி, வெளியேறும் வழி விளக்குகள், தீ எச்சரிக்கை, அறுவை அரங்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றுக்குப் பத்து விநாடிக்குள் மின்சாரம் வர வேண்டும். அந்த இடைவெளியை வென்டிலேட்டரின் பேட்டரியும் யுபிஎஸ்ஸும் தாங்கும். காற்றோட்ட விசிறிகளும் சில்லர்களும் பிறகு, இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக இணைக்கப்படும்.

400 கிலோவாட் ஜெனரேட்டர்கள் இரண்டு உள்ள ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். முதலில் தயாராகும் ஜெனரேட்டர் 250 கிலோவாட் உயிர்காப்புச் சுமையை ஏற்கும். இரண்டாவது அதனுடன் ஒத்திசைந்து இணைந்த பின்னரே விசிறிகளும் லிஃப்டுகளும் 120, சில்லர் 150, சலவையகமும் சமையலறையும் 80 என்று மொத்தம் 600 கிலோவாட்டை எட்டும்.

இப்போது ஒன்று பழுதானால்? மீதமுள்ளதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸிலிருந்து சரியத் தொடங்கும். கட்டுப்பாட்டு ரிலே அதை உணர்ந்து சலவையகம், சமையலறை, சில்லர் ஆகியவற்றை உடனே துண்டிக்கும். சுமை 370 ஆகும். இது தாமதித்தால், நலமாக உள்ள ஜெனரேட்டரின் பிரேக்கரும் விழுந்து அறுவை அரங்கு வரை இருண்டுவிடும்.

காலப்போக்கில் புதுக் கருவிகள் முதல் வரிசையில் சேர்ந்து 250 என்ற கணக்கு பொய்யாகிவிடுவதே பெரும் ஆபத்து. ஆகவே மாதாந்திரச் சோதனையை உண்மைச் சுமையுடனே நடத்த வேண்டும்.