பழைய காருக்கு என்ன வாங்கலாம்?

சென்னை அண்ணா சாலையிலிருந்து பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் அலங்காரக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் காரையும் கூடவே ஓட்டிச் செல்லவேண்டும். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பழைய காருக்குப் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம்.

2005-ஆம் ஆண்டு சான்ட்ரோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரே மாடலிலும் வேரியன்ட்டுக்கு வேரியன்ட் ஹெட்ரெஸ்ட் மாறலாம். முன் உரிமையாளர் சீட்டையே மாற்றியிருக்கவும் கூடும். அதனால் பழைய கவரைக் கழற்றி, அடியில் இருக்கும் ஃபோமை முதலில் அழுத்திப் பாருங்கள். ஓட்டுநர் சீட்டில் பள்ளம் விழுந்திருந்தால் எவ்வளவு நல்ல கவரும் சுருங்கித் தொங்கும். ஃபோமைச் சரிசெய்த பிறகே அளவெடுக்கவேண்டும்.

துணியா, ரெக்சினா என்பது அடுத்த கேள்வி. வெயிலில் நிறுத்தும் காரில் ரெக்சின் சுடும், முதுகு வியர்க்கும்; ஆனால் சிந்தியதைத் துடைத்துவிடலாம். மலிவான செயற்கைத் தோல் நம் ஊர் ஈரக்காற்றிலும் வெயிலிலும் சில வருடங்களில் செதில் செதிலாக உரியும். துணிக் கவர் அழுக்காகும், ஆனால் உட்கார இதமானது. ஏசி பலவீனமான பழைய காருக்குத் துணிதான் என் தேர்வு. தையலை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள். ஊசித்துளைகள் விரிந்தால் வேண்டாம். மாட்டி முடித்ததும் எல்லா சீட் பெல்ட் பக்கிள்களும் வெளியே தெரிகின்றனவா, சீட் முன்பின் நகர்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

வைப்பரில் ரப்பரின் நீளத்தை இன்ச் டேப்பால் அளக்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்று நினைக்கக்கூடாது. நீளம் கூடினால் ஒன்றோடொன்று இடிக்கும். கையின் நுனியில் இருக்கும் கொக்கிக்குப் புது பிளேடு பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். கழற்றும்போது கண்ணாடியில் மடித்த துணி போடுங்கள். வெறும் இரும்புக் கை விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். தண்ணீர் தெளித்து ஓட்டும்போது நடுவில் மட்டும் ஈரம் நின்றால், கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அப்போது பிளேடு மாற்றிப் பயனில்லை. அதைச் சொல்லிவிட்டு விற்காமல் அனுப்பும் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள்.

பாலிஷுக்கு முன், கதவின் கீழ் ஓரத்தில் வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் நிறம் ஏறினால் பெயின்ட்டே நேராகத் தேய்கிறது, மேலே க்ளியர் கோட் இல்லை என்று அர்த்தம். ரப்பிங் காம்பவுண்ட் ஒவ்வொரு முறையும் பெயின்ட்டைச் சுரண்டித்தான் பளபளப்பைத் தருகிறது. அதை அடிக்கடி போடவிடாதீர்கள். மெழுகுப் பாலிஷே போதும். கூரையில் க்ளியர் கோட் திட்டுத்திட்டாக உரிந்திருந்தால் எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது, பெயின்ட்டரிடம்தான் போகவேண்டும். சரியாகிவிடும் என்று சொல்லி ஒரு டப்பாவை நீட்டும் கடையில் மற்றதையும் வாங்காதீர்கள்.