ஆல்ஃபா, பீட்டா, காமா கதிர்கள்: எதை எது தடுக்கும்?

தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் (அயோடின்-131) உட்கொண்டவர் சில நாள்கள் தனி அறையில் வைக்கப்படுகிறார். மருந்து அவர் உடலுக்குள் இருக்கும்போது அருகில் இருப்பவர் ஏன் விலகியிருக்க வேண்டும் என்று குடும்பத்தினர் கேட்பதுண்டு. கதிர்கள் எவ்வளவு தூரம் ஊடுருவும் என்பதை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

ஆல்ஃபா கதிர்கள்

இவை கனமான துகள்கள். காற்றில் சில சென்டிமீட்டரும் உடல் திசுவில் 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவாகவுமே செல்லும். ஒரு தாளோ தோலின் மேலடுக்கோ இவற்றைத் தடுத்துவிடும். ஆயினும் இவற்றை வெளியிடும் பொருள் வாய் வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே சென்றால் அருகிலுள்ள செல்களைக் கடுமையாகச் சிதைக்கும். எலும்பில் பரவிய புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படும் ரேடியம்-223 இத்தன்மையைப் பயன்படுத்துகிறது.

பீட்டா கதிர்கள்

இவை விரைந்து செல்லும் எலெக்ட்ரான்கள். அயோடின்-131 வெளியிடும் பீட்டா கதிர்கள் திசுவில் அதிகபட்சம் 2 மில்லிமீட்டர் அளவே செல்லும். தைராய்டு செல்களை அழிப்பவை பெரும்பாலும் இவையே. இவை நோயாளியின் உடலைத் தாண்டி வெளியே வருவதில்லை. பீட்டா மருந்துகளைக் கையாளும்போது முதலில் அக்ரிலிக் போன்ற பிளாஸ்டிக் தடுப்பே வைக்கப்படும். ஆற்றல் மிக்க பீட்டா கதிர்கள் காரீயத்தில் மோதினால் எக்ஸ் கதிர்கள் உண்டாகும் என்பதே காரணம்.

காமா கதிர்கள்

அயோடின்-131 காமா கதிர்களையும் வெளியிடுகிறது. துகளாக இல்லாத இவ்வலைகள் உடலைக் கடந்து வெளியேறும். நோயாளி தனிமைப்படுத்தப்படுவதற்கு முதன்மைக் காரணம் இவையே. இவற்றைப் பாதியாகக் குறைக்கவே ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் காரீயம் தேவை. எக்ஸ்-ரே அறையில் அணியும் அரை மில்லிமீட்டர் காரீய மேலங்கி இங்கு மிகச் சிறிதளவே உதவும். ஆகவே சிகிச்சை அறைக்குத் தடித்த கான்கிரீட் சுவரோ காரீயத் தடுப்போ அமைக்கப்படுகிறது.

வீட்டில் செய்ய வேண்டியவை

வீட்டில் காரீயச் சுவர் இல்லை. தொலைவே அதன் இடத்தில் நிற்கிறது. நோயாளியிடமிருந்து 1 மீட்டர் தள்ளியிருப்பவர் 2 மீட்டருக்கு விலகினால், அவர் பெறும் காமா கதிர்வீச்சு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும். அருகில் இருக்கும் நேரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீர், உமிழ்நீர், வியர்வை வழியாகவும் அயோடின் வெளியேறும். இது பிறர் உடலுக்குள் சென்றால், வெளியே வராத பீட்டா கதிர்களும் அவர்களுடைய தைராய்டைத் தாக்கும். இதற்குத் தொலைவு மட்டும் போதாது, தூய்மையும் தேவை. நோயாளி அமர்ந்தே சிறுநீர் கழித்து, இருமுறை நீர் ஊற்றிக் கைகளை நன்கு கழுவ வேண்டும். துண்டு, தட்டு, டம்ளர் ஆகியவற்றைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும்.

அயோடின்-131 இன் கதிரியக்கம் 8 நாள்களில் பாதியாகும். சிறுநீரில் வெளியேறுவதால் உடலில் அது இன்னும் விரைவாகக் குறையும். எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் மாறுபடும். வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இருந்தால் மருந்து உட்கொள்வதற்கு முன்பே மருத்துவரிடம் தெரிவிக்கவும்.