உபபதமும் தாரகாரகனும்: கல்யாண ஜாதகத்தில் ஜைமினி கணக்கு

பெண்ணுக்கோ பையனுக்கோ வரன் பார்க்கத் தொடங்கியதும் ஜோசியர் முதலில் விரல் வைக்கும் இடம் ஏழாம் வீடு. அதன் அதிபதி எங்கே, சுக்கிரன் எப்படி இருக்கிறார், செவ்வாய் தோஷம் உண்டா, பத்துப் பொருத்தத்தில் எத்தனை தேறுகிறது என்ற வரிசையில்தான் பேச்சு போகும். இது பராசர முறையை ஒட்டி நம்மூரில் வழங்கி வரும் வழி. சமீப காலமாகச் சில ஜோசியர்கள் இதோடு இன்னும் இரண்டு பெயர்களைச் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள்: உபபத லக்னம், தாரகாரகன். இரண்டும் ஜைமினி முறையைச் சேர்ந்தவை. கணினியில் போட்ட ஜாதகத்தில் யூ.எல்., டி.கே. என்ற சுருக்கெழுத்துகளாக இவை இருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

ஜைமினி முனிவரின் பெயரில் வழங்கும் உபதேச சூத்திரங்கள்தான் இந்த முறைக்கு மூலம். பராசரர் பெயரில் உள்ள பிருகத் பராசர ஹோரா சாஸ்திரத்திலும் உபபதத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு. சூத்திரங்கள் மிகச் சுருக்கமானவை. அதனால் உரைகாரர்கள் பல இடங்களில் பிரிந்து நிற்கிறார்கள். ஒரே ஜாதகத்துக்கு இரண்டு ஜோசியர்கள் இரண்டு விதமாகப் பலன் சொல்வதற்கு இதுவே பெரிய காரணம்.

ஒரு கேள்வியை இரண்டாகப் பிரிப்பதுதான் ஜைமினி முறையின் தனித்தன்மை. வரப்போகிற துணை எப்படிப்பட்டவர் என்பது ஒன்று. அந்தத் திருமண பந்தம் எப்படி அமையும், நிலைக்குமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குத் தாரகாரகனைப் பார்க்கிறார்கள், இரண்டாவதற்கு உபபதத்தை. நல்ல மனிதர்கள் இருவர் சேர்ந்தும் குடும்பம் சரிவராமல் போவதை நாம் பார்த்திருக்கிறோம். அதற்கு இடம் வைத்துத்தான் இந்த முறை இரண்டையும் ஒன்றாகக் கலப்பதில்லை.

தாரகாரகனைக் கண்டுபிடிப்பது எளிது. சூரியன் முதல் சனி வரை ஏழு கிரகங்களும் தத்தம் ராசியில் எத்தனை பாகை கடந்திருக்கின்றன என்று எழுதிக்கொள்ள வேண்டும். எந்த ராசி என்பது இங்கே கணக்கில்லை, பாகை மட்டுமே. அதிகப் பாகை கடந்த கிரகம் ஆத்மகாரகன், ஜாதகருக்கு உரியது. எல்லோரையும் விடக் குறைந்த பாகையில் நிற்பது தாரகாரகன், வாழ்க்கைத் துணைக்கு உரியது. பராசர வழியில் சுக்கிரன் எல்லோருக்கும் பொதுவான களத்திரகாரகன். ஜைமினியில் ஒருவருக்குச் சனியும் இன்னொருவருக்குப் புதனும் அந்தப் பொறுப்புக்கு வரலாம். அதனால்தான் இவற்றைச் சர காரகங்கள், அதாவது மாறும் காரகங்கள் என்கிறார்கள்.

உபபதத்துக்குக் கொஞ்சம் எண்ண வேண்டும். லக்னத்துக்குப் பன்னிரண்டாம் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அதன் அதிபதி நிற்கும் ராசி வரை, இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். வந்த எண்ணிக்கையை அதிபதி நிற்கும் ராசியிலிருந்து மறுபடி எண்ணினால் விழுகிற ராசி உபபதம். விதிவிலக்கு ஒன்று உண்டு. விடை அந்தப் பன்னிரண்டாம் வீட்டிலேயோ அதற்கு நேர் ஏழிலேயோ விழுந்தால் அதை ஏற்கக் கூடாது. விழுந்த ராசியிலிருந்து பத்தாவது ராசியை எடுக்க வேண்டும். கையால் கணக்குப் போடுகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

ஒரு மாதிரி ஜாதகத்தில் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். இது விளக்கத்துக்காக அமைத்தது, யாருடைய ஜாதகமும் அல்ல. லக்னம் மிதுனம். சிம்மத்தில் சுக்கிரன் 4 பாகை, சூரியன் 21 பாகை. கன்னியில் புதன் 12, சனி 26. துலாத்தில் குரு 17. விருச்சிகத்தில் செவ்வாய் 8. மீனத்தில் சந்திரன் 14. ராகு ரிஷபத்தில் 28 பாகை, கேது நேர் எதிரே விருச்சிகத்தில்.

ஏழு கிரகங்களில் குறைந்த பாகை சுக்கிரனுக்கு. எனவே அவரே தாரகாரகன். இனி உபபதம். மிதுனத்துக்குப் பன்னிரண்டு ரிஷபம், அதிபதி சுக்கிரன் சிம்மத்தில். ரிஷபம், மிதுனம், கடகம், சிம்மம் என்று எண்ணினால் நான்கு. சிம்மத்திலிருந்து நான்கு எண்ணினால் விருச்சிகம். இது ரிஷபத்துக்கு நேர் ஏழு, ஆகவே விதிவிலக்குக்குள் வருகிறது. விருச்சிகத்திலிருந்து பத்தாவது ராசி சிம்மம். உபபதம் சிம்மம்தான். விதிவிலக்கை மறந்தவர் விருச்சிகத்தை உபபதமாக வைத்து, அங்கே செவ்வாயும் கேதுவும் கூடியிருப்பதைக் காட்டி வீட்டாரைக் கலங்கடித்திருப்பார்.

இப்போது பலன். தாரகாரகனான சுக்கிரன் சூரியனோடு சிம்மத்தில் இருக்கிறார். நவாம்சத்தில் அவர் ரிஷபத்துக்குப் போகிறார், அது சொந்த வீடு. கலை ரசனையும் தன்மானமும் உள்ள, தன் பேச்சுக்கு மதிப்பு எதிர்பார்க்கும் துணை என்று இதைப் படிப்பார்கள். ராசியில் எப்படி இருந்தாலும் நவாம்சத்தில் தாரகாரகன் பலமாக இருக்கிறாரா என்பதற்கு ஜைமினி வழியினர் அதிக எடை கொடுக்கிறார்கள்.

அடுத்தது உபபதமான சிம்மம். ஜைமினியில் கிரகப் பார்வையைவிட ராசிப் பார்வைதான் முக்கியம். சர ராசிகள் பக்கத்து ஸ்திர ராசியை விட்டு மற்ற மூன்று ஸ்திர ராசிகளைப் பார்க்கும். ஸ்திர ராசிகள் பக்கத்துச் சர ராசியை விட்டு மற்ற மூன்று சர ராசிகளைப் பார்க்கும். உபய ராசிகள் நான்கும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். துலாம் சர ராசி என்பதால் அங்கிருக்கும் குருவின் பார்வை சிம்மத்துக்குக் கிடைக்கிறது. குடும்பத்தார் ஒப்புதலோடு மரியாதையாக நடக்கும் கல்யாணம் என்பார்கள்.

திருமணம் நிலைக்குமா என்ற கேள்விக்கு உபபதத்தையே பார்த்துப் பதில் சொல்வதில்லை. அதற்கு இரண்டாம் வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கே பாவ கிரகங்கள் இருந்தாலோ அதன் அதிபதி நீசமானாலோ பிரிவும் இழப்பும் சொல்கின்றன நூல்கள். சுபர் சேர்ந்தாலோ அதிபதி உச்சம் பெற்றாலோ அந்தக் கெடுபலன் நீங்குகிறது. நம் ஜாதகத்தில் சிம்மத்துக்கு இரண்டு கன்னி. அங்கே சனி நிற்கிறார். இதை மட்டும் பார்த்தால் மனம் சுணங்கும். ஆனால் வீட்டுக்காரரான புதன் அதே இடத்தில் உச்சம். மீனத்துச் சந்திரன் பௌர்ணமியைத் தாண்டி சிறிதே தேய்ந்தவர், ஒளி குறையாதவர். அவருடைய பார்வையும் கன்னிக்கு இருக்கிறது. எனவே தாமதமும் பொறுப்புச் சுமையும் உண்டு, பந்தம் முறியாது என்பதே சரியான வாசிப்பு. ஒரு பாவ கிரகத்தைக் கண்டதும் தீர்ப்பு எழுதிவிடாமல், அந்த வீட்டைத் தாங்குகிறவர் யார் என்று பார்ப்பதில்தான் ஜோசியரின் தேர்ச்சி தெரியும்.

இனி இந்த முறை எங்கே ஆட்டம் காண்கிறது என்று பார்ப்போம். முதல் சிக்கல் ராகு. சர காரகங்கள் ஏழா எட்டா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. டில்லியைச் சேர்ந்த கே.என். ராவ் ஏழு காரகங்களைக் கொள்கிறார். சஞ்சய் ரத் வழியினர் ராகுவையும் சேர்த்து எட்டாகக் கொள்கிறார்கள். ராகு பின்னோக்கி நகர்வதால் அவருடைய பாகையை முப்பதிலிருந்து கழிக்க வேண்டும். நம் ஜாதகத்தில் 28 பாகையில் இருக்கும் ராகுவுக்கு இரண்டு பாகைதான் கணக்கு. எட்டு பேர் வரிசையில் தாரகாரகன் சுக்கிரன் அல்ல, ராகு. உடனே துணையின் வர்ணனையே மாறி, வேறு ஊர், வேறு பழக்கம், வழக்கத்துக்கு மாறான சம்பந்தம் என்று பேச்சு திரும்பும்.

இரண்டாவது, பாகைக் கணக்கு. வாக்கியப் பஞ்சாங்கத்திலும் திருக்கணிதத்திலும் கிரக நிலைகள் ஒன்றாக இருப்பதில்லை என்பது தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் தெரியும். ராசிக் கட்டத்தில் இந்த வேறுபாடு பெரும்பாலும் வெளியே தெரியாது. பாகையை நம்பி நிற்கும் தாரகாரகனில் உடனே தெரிந்துவிடும். அயனாம்சமும் அப்படித்தான். லாகிரி அயனாம்சத்துக்கும் ராமன் அயனாம்சத்துக்கும் சுமார் ஒன்றரை பாகை வித்தியாசம். எல்லாக் கிரகங்களும் ஒரே அளவு நகர்வதால் வரிசை மாறாது என்று தோன்றும். ஆனால் ராமன் கணக்கில் ஒரு ராசியின் முதல் பாகையில் தாரகாரகனாக நிற்கும் கிரகம், லாகிரிக்கு மாற்றினால் முந்தைய ராசியின் இருபத்தெட்டுக்கு மேல் போய் நிற்கும். துணைக்குரிய கிரகம் ஒரே தாவலில் ஆத்மகாரகன் ஆகிவிடும்.

மூன்றாவது, பிறந்த நேரம். லக்னம் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். லக்னம் மாறினால் பன்னிரண்டாம் வீடும் உபபதமும் மாறும். சந்திரன் மணிக்கு அரைப் பாகைக்கு மேல் நகர்கிறார். கடைசி இடத்துக்குச் சந்திரனும் இன்னொரு கிரகமும் நெருங்கி நின்றால், நேரத்தில் ஒரு மணி பிசகினாலும் தாரகாரகன் மாறலாம். இவை போதாதென்று, இரட்டைப்படை லக்னங்களான ரிஷபம், கடகம் போன்றவற்றுக்குப் பன்னிரண்டை விட்டு இரண்டாம் வீட்டிலிருந்து உபபதம் எண்ண வேண்டும் என்று சொல்லும் உரை மரபும் இருக்கிறது. மிதுனம் ஒற்றைப்படை என்பதால் நம் எடுத்துக்காட்டு அந்தச் சண்டையிலிருந்து தப்பியது.

ஆகவே ஜோசியர் உபபதம் கெட்டிருக்கிறது என்றோ தாரகாரகன் சரியில்லை என்றோ சொன்னால், நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம்? காரகம் ஏழா எட்டா? உபபதத்தை எந்த வீட்டிலிருந்து எண்ணினீர்கள், விதிவிலக்கைப் பார்த்தீர்களா? இரண்டாம் வீட்டைத் தாங்கும் சுபர் யாரும் இல்லையா? முறை தெரிந்தவர் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார், காகிதத்தில் எண்ணிக் காட்டுவார்.

ஜோதிடப் பலன்களுக்கு அறிவியல் நிரூபணம் இல்லை. நம்புகிறவர்களுக்கும் இந்த முறை தருவது குணக்குறிப்புகளும் கவனிக்க வேண்டிய இடங்களும்தான். ஒரு பாகை இடம் மாறினால் ஆளே மாறிப்போகும் கணக்கை மட்டும் நம்பி, பேசிப் பிடித்துப்போன வரனைத் தட்டிக் கழிக்க வேண்டாம்.