120 கிலோ தூக்கிய வாலிபருக்கு டீ கிளாசைத் தூக்க முடியவில்லை!

வள்ளூர் வட்டாரத்தில் ‘வெயிட்’ தூக்குவோரை வாட்டும் முழங்கை வலி
ஊசி போட்டும் திரும்பி வந்தது. அரை லிட்டர் பாட்டில் வழிகாட்டியது

வள்ளூர்,

பகலில் குடோனில் மூட்டை. சாயங்காலம் ஜிம்மில் இரும்பு. இப்படி ஒரு நாளைக்கு இரண்டு ‘ஷிப்ட்’ எடை தூக்கி வந்தவர் வள்ளூரைச் சேர்ந்த 27 வயது வாலிபர். தரையில் கிடக்கும் பாரை இடுப்பு வரை தூக்கி நிமிரும் டெட்லிப்டில் 120 கிலோ தூக்கியவர்.

அவருக்கு ஒரு நாள் டீக்கடையில் டீ கிளாசைத் தூக்க முடியவில்லை!

“கிளாசைப் புடிச்சேன் சார். முட்டிக்கு வெளிப் பக்கம் சுரீர்னு இழுத்துச்சு. கிளாஸ் கீழ விழுந்து உடைஞ்சிடுச்சு. கடைக்காரரு ஒரு மாதிரியா பாக்குறாரு. காலங்காத்தாலயே தண்ணி போட்டுட்டு வந்துட்டான்னு நெனச்சிருப்பாரு” என்கிறார் அவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கை வலி என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாராம். தினக்கூலிக்காரருக்கு அதுதான் பெரிய பயம்.

அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், கன்டெய்னர் கிடங்குகள் என்று எடை தூக்கிப் பிழைக்கும் ஜனங்கள் நிறைந்த பகுதி இது. மீஞ்சூரிலிருந்து திருவொற்றியூர் வரை தெருவுக்குத் தெரு ஜிம்மும் உண்டு. இரண்டையும் செய்பவர்களின் முழங்கைதான் முதலில் மாட்டிக்கொள்கிறது.

டென்னிஸ் ஆடாதவருக்கு ‘டென்னிஸ் எல்போ’!

ஆஸ்பத்திரியில் சீட்டில் எழுதித் தந்த பெயர் ‘டென்னிஸ் எல்போ’. “நான் டென்னிஸ் மட்டையை டி.வி.யில தான் பாத்திருக்கேன்” என்று சிரிக்கிறார் வாலிபர்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த வலியை 1873-ல் முதலில் எழுதி வைத்த ரூங்கே என்ற ஜெர்மன் டாக்டர், பேனா பிடித்து எழுதுகிறவர்களின் கை வலியைப் பற்றித்தான் எழுதினார். பத்து வருஷம் கழித்துத்தான் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது. நியாயமாகப் பார்த்தால் ‘கிளார்க் எல்போ’ என்று வைத்திருக்க வேண்டும்!

இந்தியாவில் இந்தப் பெயரை வீட்டுக்கு வீடு கொண்டு போனவர் டெண்டுல்கர். 2004-ல் இந்த வலியால் டெஸ்ட் ஆட்டங்களைத் தவறவிட்டார். 2005 மே மாதம் லண்டனில் ஆபரேஷன். அதே வருஷம் டிசம்பரில் டெல்லியில் 35-வது டெஸ்ட் சதம் அடித்தார். ஆனால் ஆபரேஷன் வரை போகிறவர்கள் வெகு சிலரே. பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை.

வடக்கயிறு பிரிந்த கதை

முழங்கையின் வெளிப் பக்கம் ஒரு எலும்பு முண்டு இருக்கிறது. மணிக்கட்டை மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகள், ஒரு நார் மூலமாக அந்த முண்டில் கட்டப்பட்டிருக்கின்றன.

எதையாவது இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும்போது மணிக்கட்டும் சேர்ந்து உள்ளே மடங்கப் பார்க்கும். அப்படி மடங்காமல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது இந்த வெளிப் பக்கத் தசைதான். அதாவது பிடிப்பது விரல். அடி வாங்குவது முழங்கை. பிடி எவ்வளவு இறுக்கமோ, அவ்வளவு இழுப்பு அந்த நாருக்கு.

துறைமுகத்துக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். கப்பலைக் கட்டும் வடக்கயிறு ஒரே நாளில் அறுந்துவிடாது. கட்டிய இடத்தில் உராய்ந்து உராய்ந்து ஒவ்வொரு புரியாகப் பிரியும். இங்கேயும் அதே கதை. அடிபட்டுப் புண்ணாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நார் பழுதாகிச் சீராக இல்லாமல் கிடக்கிறது. ஐஸ் கட்டியும் தைலமும் வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும். பிரிந்த புரியை முறுக்காது.

நம் வாலிபருக்கு இது ஏன் வந்தது? விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. அந்த மாதம் குடோனில் மூட்டைக்குப் பதிலாக அட்டைப் பெட்டிகள் வந்தன. மூட்டை முதுகில் ஏறும். பெட்டியையோ இரண்டு பக்கமும் விரலால் கவ்வித் தூக்க வேண்டும். அதே மாதம் ஜிம்மிலும் கம்பியில் தொங்கி எழும் ‘புல்அப்’பைத் தினசரி ஆக்கிவிட்டார். பிடிக்கு வேலை ஒரே மாதத்தில் இரட்டிப்பு. கை எவ்வளவு பலமாக இருந்தாலும் திடீரென்று கூட்டினால் நார் தாங்காது.

ஊசி போட்டார், பிறகு நடந்தது என்ன?

முதலில் எண்ணெய் போட்டு நீவினார்கள். கேட்கவில்லை. பிறகு ஒரு கிளினிக்கில் ‘ஸ்டீராய்டு’ ஊசி போட்டுக்கொண்டார். பத்தே நாளில் வலி மாயம்! மூன்றாவது வாரம் மறுபடி 120 கிலோ. மூன்றாவது மாதம் முன்பைவிட மோசமான வலி!

இது அவர் ஒருவருக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் அல்ல. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் 198 பேரை வைத்துப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளியானது. ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களே மற்றவர்களைவிட வெகு நன்றாக இருந்தார்கள். ஆனால் பிறகு ஊசிக்காரர்களில் 100-க்கு 72 பேருக்கு வலி திரும்பி வந்தது. ஒரு வருஷ முடிவில் ஊசியே போடாமல் காத்திருந்தவர்களின் கை அவர்களுடையதைவிட மேலாக இருந்தது.

வலி போனதும் நார் குணமாகிவிட்டது என்று நினைத்துப் பழைய எடைக்குப் போவதுதான் ஆபத்து. நாளைக்கே வேலைக்குப் போயாக வேண்டிய கூலிக்காரரை ஊசி சுலபமாக இழுத்துவிடுகிறது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

அடுத்தபடி அவர் போனது அரசு ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவுக்கு. அங்கிருந்த அம்மா முதலில் ஒரு சோதனை வைத்தார். உள்ளங்கை கீழே பார்க்க, கையை நீட்டி, நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தூக்கச் சொன்னார். வலி வெளி முண்டில் சரியாக வந்து உட்கார்ந்தது. பிறகு உள்ளங்கை மேலே பார்க்க, முழங்கையை மடக்கித் தூக்கச் சொன்னார். வலி பாதிகூட இல்லை.

“இதான் தம்பி வைத்தியத்துல பாதி. கையைத் திருப்பிப் புடி” என்றாராம்.

பிடி மாறியது

வேலையை நிறுத்தவில்லை, பிடியைத்தான் மாற்றினார். பெட்டியை நீட்டிய கையால் கவ்வாமல், அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, முழங்கை விலாவை ஒட்ட, மார்போடு அணைத்துத் தூக்கினார். வீட்டில் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்குவது நின்றது. பக்கெட்டின் மெல்லிய கம்பிக் கைப்பிடியில் பழைய ரப்பர் குழாயை ஒரு துண்டு செருகிக்கொண்டார்.

ஜிம்மில் கையை நேராக நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க டம்பிள்சைப் பக்கவாட்டில் உயர்த்தும் பயிற்சியைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைத்தார். இந்த வலிக்கு அதைவிடக் கெட்டது குறைவு. மற்றவற்றில் கட்டைவிரல் மேலே இருக்கும்படி, சுத்தியலைப் பிடிப்பது மாதிரி பிடித்தார். டெட்லிப்டுக்குக் கையில் சுற்றும் பட்டை கட்டினார். பட்டை எடையைத் தாங்குவதால் விரல் இறுக்க வேண்டியதில்லை, முழங்கைக்கும் ஓய்வு. எடையை 50 கிலோவுக்கு இறக்கினார்.

உள்ளங்கை மேலே பார்க்கும் பிடியிலேயே எல்லாவற்றையும் செய்தால் முழங்கையின் உள் பக்கம் வலிக்க ஆரம்பிக்கலாம். அதனால் பிடியை மாற்றி மாற்றிப் பிடிப்பதே நல்லது.

அரை லிட்டர் பாட்டில்

வலி இருக்கும்போது கையை ஒரேயடியாகக் கட்டிப் போட்டால் வலி குறையும். நாரும் சேர்ந்து நோஞ்சானாகிவிடும். பிறகு முதல் மூட்டையிலேயே பழைய கதை. அதனால் நாருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வேலை கொடுக்க வேண்டும்.

முன்கையை மேஜை மேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்க வேண்டும். கையில் தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர் பாட்டில். எடை அரை கிலோதான். மணிக்கட்டை நேராக 30 வினாடி அசையாமல் பிடிக்க வேண்டும். கொஞ்சம் ஓய்வு, இப்படி ஐந்து முறை. முதல் இரண்டு வாரம் தினமும் இவ்வளவுதான்.

“120 கிலோ தூக்கினவன் பாட்டில் புடிச்சிக்கினு உக்காந்தா வீட்ல சிரிக்க மாட்டாங்களா?” என்கிறார் வாலிபர். சிரித்தார்களாம்.

மூன்றாவது வாரம், மற்றக் கையால் பாட்டில் கையை மேலே தூக்கிவிட்டு, ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறக்கினார். 15 தடவை, மூன்று சுற்று. இறக்குவதுதான் இங்கே வேலை. அடுத்த கட்டத்தில் அதே கையாலேயே தூக்கி இறக்கினார். வாரம் அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை கிலோ கூட்டினார். மூன்றாவது மாதக் கடைசியில் 3 கிலோ டம்பிள்சுக்கு வந்து சேர்ந்தார்.

கூட்டலாமா, வேண்டாமா என்பதற்கு அந்த அம்மா ஒரு கணக்குச் சொல்லித் தந்தார். வலிக்குப் பத்துக்கு மார்க் போட வேண்டும். பயிற்சியின்போது மூன்று வரை இருந்தால் பரவாயில்லை. ஆனால் மறுநாள் காலை பல் விளக்கும்போது முந்தின நாளைவிட அதிகமாக வலித்தால், நேற்றுச் செய்தது கூடிப்போய்விட்டது. ஒரு படி இறங்கு. வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருந்தாலும் காரியம் நடக்காது.

ஆறாவது வாரம் ஒரு சறுக்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பரின் வீடு மாற்ற உதவி, பீரோவைக் கவ்வித் தூக்கினார். மறுநாள் மார்க் ஆறு. மூன்று நாள் பாட்டிலைப் பிடிப்பதோடு நிறுத்தி, மறுபடி பழைய இடத்துக்கு ஏறினார்.

நான்கு மாதம் கழிந்த பின் பட்டை கட்டி 80 கிலோ தூக்குகிறார். 120-க்கு இன்னும் போகவில்லை. பெட்டி வேலைக்குத் தினமும் போகிறார்.

இது வேறு, அது வேறு

முழங்கையில் வலிக்கிறது என்றாலே பாட்டிலைத் தூக்கிவிடக் கூடாது. விரல் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ கோளாறு நரம்பில் இருக்கலாம். கீழே விழுந்த பின் வந்த வலி, வீக்கம், காய்ச்சல், கையை முழுதாக நீட்ட முடியாமல் மாட்டிக்கொள்வது, இதற்கெல்லாம் டாக்டரை உடனே பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயும் தேவைப்படலாம். வட சென்னைக்காரர்களுக்கு, கை சிகிச்சைக்குப் பேர் போன ஸ்டான்லி ஆஸ்பத்திரி பழைய வண்ணாரப்பேட்டையிலேயே இருக்கிறது. புறநோயாளி சீட்டுக்குக் காலையிலேயே போய்விட வேண்டும்.